அம்மாவுக்கு மூன்றாவது மருந்தை ஆரம்பிப்பதா, வேண்டாமா?

பால்மரத்து மகள் (திங்கள், இரவு 10.42)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அம்மாவுக்கு 66 வயது. பால்மரம் வெட்டியவர், தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப் பழம் பொறுக்கியவர். இரண்டு வருடத்துக்கு முன் குடல் அடைத்துக்கொண்டதில்தான் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை முடிந்தபோதே ஈரலில் பரவியிருந்தது. முதலில் ஏற்றிய மருந்தில் கால் மரத்துப்போனது, இன்னும் சரியாகவில்லை. இரண்டாவது மருந்தில் ஓயாத வயிற்றுப்போக்கு. போன மாத ஸ்கேனில் ஈரலில் கட்டிகள் பெருத்திருக்கின்றன, வயிற்றில் நீரும் கோத்திருக்கிறது.

இப்போது டாக்டர், "ரெகோராஃபெனிப் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, விருப்பமென்றால் பார்க்கலாம்" என்றார். அதுவும் நடைவழியில் நின்றபடி, இரண்டு நிமிடத்தில். மாதத்துக்குப் பல ஆயிரம் வெள்ளி. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் எப்படியாவது வாங்குவோம் என்கிறார். தம்பி வாயே திறப்பதில்லை. தங்கச்சி அழுகிறாள். அம்மா 58 கிலோ இருந்தவர், இப்போது 43. பகலில் பாதிக்கு மேல் படுத்தே இருக்கிறார். குளிக்க வைப்பது நான்தான்.

இன்னொன்று. அம்மாவுக்கு இது புற்றுநோய் என்று நாங்கள் சொல்லவில்லை. "குடலில் புண்" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டில் இப்படி வந்தபோது எப்படி முடிவெடுத்தீர்கள்?

கிள்ளான் கவி (திங்கள், இரவு 11.15)

அக்கா, பணம்தான் பிரச்சினை என்றால் கவலைப்படாதீர்கள். ஆஸ்பத்திரியில் சமூகநலப் பிரிவைக் கேளுங்கள், உதவி நிதிக்கு மனு போடலாம். என் மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது அப்படித்தான் செய்தோம். அவர் இன்று நன்றாக இருக்கிறார், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். நம்பிக்கையை மட்டும் விடாதீர்கள்.

பால்மரத்து மகள் (திங்கள், இரவு 11.31)

நன்றி கவி. பணம் ஒரு பக்கம்தான். நாளைக்கே யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் அம்மாவுக்கு அதைக் கொடுக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

தைப்பிங் ராஜா (செவ்வாய், காலை 7.08)

சகோதரி, நேராகச் சொல்கிறேன். போதும், விட்டுவிடுங்கள். ஏஓஆர் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். ஒரு வக்கீலிடம் போய் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கிக்கொண்டால் அதற்குப் பிறகு எந்த டாக்டரும் அம்மாவைத் தொட முடியாது. அப்புறம், வலிநிவாரணச் சிகிச்சைக்கு மாறியவர்கள் கீமோ எடுத்தவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று அமெரிக்காவில் ஆராய்ச்சியே வந்திருக்கிறது. ஆனால் மார்ஃபின் மட்டும் வேண்டாம். அதை ஆரம்பித்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். எங்கள் அப்பாவுக்குக் கொடுத்து மூன்றாம் நாள் போய்விட்டார்.

ஓய்வுபெற்ற தாதி (செவ்வாய், பிற்பகல் 3.20)

முப்பது வருடம் தாதியாக இருந்தேன், கடைசி ஒன்பது வருடம் நோய்த்தணிப்புப் பிரிவில், அதாவது நோயாளியின் வலியையும் அவஸ்தையையும் குறைக்கிற பிரிவில். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மாத்திரை. அது என்ன செய்யும் என்று தெரியாமல் வேண்டும், வேண்டாம் என்று வாதாடிப் பயனில்லை. 2013இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 760 பேர். எல்லோருக்கும் உங்கள் அம்மாவைப் போலவே மற்ற மருந்துகள் கேட்காமல் போயிருந்தன. மாத்திரை எடுத்தவர்களில் பாதிப் பேர் 6.4 மாதம் தாண்டினார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் பாதிப் பேர் 5 மாதம் தாண்டினார்கள். வித்தியாசம் ஏறக்குறைய ஆறு வாரம். கட்டி கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கியது நூற்றில் ஒருவருக்குத்தான். மற்றவர்களில் சிலருக்குக் கட்டி வளராமல் கொஞ்ச காலம் நின்றது, அவ்வளவுதான்.

உங்கள் அண்ணனுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இது: அந்த ஆய்வில் சேர்த்தவர்கள் எழுந்து நடமாடிக்கொண்டு, தன் வேலையைத் தானே செய்துகொண்டவர்கள். பகலில் பாதிக்கு மேல் படுத்திருப்பவர்களைச் சேர்க்கவே இல்லை. அந்த ஆறு வாரம் உங்கள் அம்மாவுக்கும் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கவிளைவுகள் கிடைக்கும் என்று சொல்லலாம். உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து கொப்பளிக்கும், அசதி வரும், பசி போகும். ஈரலையும் பாதிக்கும் மருந்து அது. ஏற்கனவே கட்டி நிறைந்த ஈரல் என்றால் கண் மஞ்சளாக இருக்கிறதா, ஈரல் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற பிலிருபின் எவ்வளவு என்று பார்க்காமல் தொடவே கூடாது.

ராஜா, நீங்கள் சொன்ன ஆராய்ச்சி உண்மைதான். 2010இல் வந்தது, 151 பேர், நுரையீரல் புற்றுநோய். நோய் தெரிந்தவுடனேயே நோய்த்தணிப்புக் குழுவையும் பார்த்தவர்களுக்கு 11.6 மாதம், பார்க்காதவர்களுக்கு 8.9. ஆனால் அவர்கள் கீமோவை விட்டுவிட்டு வந்தவர்கள் இல்லை, அதோடு சேர்த்தே பார்த்தார்கள். நோயும் வேறு, கட்டமும் வேறு. அதை வைத்து "மருந்தை விட்டால் அதிக நாள் வாழலாம்" என்று சொல்லக்கூடாது. இந்தக் குழுவிடம் போனால் ஆயுள் குறையும் என்று பயப்பட வேண்டாம், அவ்வளவுக்குத்தான் அது உதவும்.

மார்ஃபினைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். இரவு எழுதுகிறேன்.

உட்லண்ட்ஸ் மூத்தவன் (செவ்வாய், மாலை 6.47)

நான் யாருடைய அண்ணனும் இல்லை. ஆனால் ஐந்து வருடத்துக்கு முன் நானும் இதே போல் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்த மகன். அதனால் அவர் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன்.

தூரத்தில் இருப்பவன் அம்மா மெலிவதை நாளுக்கு நாள் பார்ப்பதில்லை. அவன் மனதில் இருப்பது போன தீபாவளிக்குப் பார்த்த அம்மா. "வேண்டாம்" என்று தங்கை சொன்னால், பார்த்துக்கொள்ள அலுத்துப்போய்ச் சொல்கிறாள் என்றுதான் முதலில் தோன்றும். நானும் அப்படி ஒருமுறை நினைத்தேன், சொல்லியும் விட்டேன். இன்றுவரை அக்கா அதை மறக்கவில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அம்மா நடக்கும்போது, சாப்பிடும்போது ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள். வேறு எதையும் எழுத வேண்டாம்.

ஒரு தகவலும் சொல்கிறேன். பிழைக்க வழியில்லாத கட்டத்தில் செயற்கையாக உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று முன்பே எழுதிவைக்கும் முன்கூட்டிய மருத்துவ உத்தரவுக்குச் சிங்கப்பூரில் 1996இல் இருந்தே சட்டம் இருக்கிறது. படிவத்தை நிரப்பிப் பதிவு செய்தால் முடிந்தது. அதையே அம்மாவுக்கும் செய்யலாமே?

ஓய்வுபெற்ற தாதி (செவ்வாய், இரவு 9.05)

அங்கே சட்டம், இங்கே இல்லை. மலேசியாவில் அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. நோயாளி தெளிவாக எழுதிவைத்த விருப்பத்தை டாக்டர் மதிக்க வேண்டும் என்று மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டி சொல்கிறது, அதுதான் நமக்கு இருக்கும் பிடி. அது காகிதத்தில் மட்டும் இல்லை, நோயாளியின் மருத்துவக் கோப்பிலும் ஏறியிருக்க வேண்டும். ராஜா சொன்ன பவர் ஆஃப் அட்டர்னி பணம், நிலம் விவகாரத்துக்கு. கொடுத்தவர் சுயபுத்தியோடு இருக்கும் வரைக்கும்தான் அது செல்லும். அம்மா பேச முடியாமல் போகும் நேரத்தில்தான் உங்களுக்கு அது வேண்டும், சரியாக அந்த நேரத்தில் அது செத்துவிடும். வக்கீலுக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்துங்கள்.

ஏஓஆரும் இங்கே தேவையில்லை. அது டாக்டர் பேச்சை மீறி, என் பொறுப்பில் போகிறேன் என்று போடும் கையெழுத்து. அப்படிக் கிளம்பினால் கையில் வலி மருந்தும் இருக்காது, வீட்டுக்கு வந்து பார்க்கிற ஆளும் இருக்காது. மூன்றாம் நாள் இரவு மூச்சு முட்டினால் 999ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்கு ஓடுவீர்கள். அங்கே இருக்கிற இளம் டாக்டருக்கு உங்களைத் தெரியாது, குழாய் வைத்துவிடுவார். அவர்மேல் தப்பில்லை. "நோய்த்தணிப்புப் பிரிவுக்கு அனுப்பி, திட்டத்தோடு வீட்டுக்கு விடுங்கள்" என்று கேளுங்கள்.

மார்ஃபின். வலி அதிகமாவதும், சாவு நெருங்குவதும், மருந்து ஆரம்பிப்பதும் பெரும்பாலும் ஒரே வாரத்தில் நடக்கின்றன. கடைசியாக வந்தவன்மேல் பழி விழுகிறது. மெலிந்த வயதானவர்களுக்கு வாயில் கொடுக்கும் மார்ஃபின் தண்ணீர் மருந்தை 2.5 மில்லிகிராமில்கூட ஆரம்பிப்பார்கள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வலியைப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டுவார்கள். சிறுநீரகம் கெட்டிருந்தால் எச்சரிக்கை வேண்டும், அதை டாக்டர் பார்ப்பார். நீங்கள் வீட்டில் பார்க்க வேண்டியது மலச்சிக்கல். முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்த்துக் கொடுக்க வேண்டும். குடல் நோய்க்காரருக்கு அதை மறந்தால் வயிறு கல்லாகிவிடும், அப்புறம் அதையும் மார்ஃபின் கணக்கில் எழுதுவார்கள்.

தைப்பிங் ராஜா (செவ்வாய், இரவு 9.40)

அப்பாவுக்கு மலமிளக்கி யாரும் கொடுக்கவில்லை. கடைசி இரண்டு நாள் வயிறு வலி வயிறு வலி என்றே கத்தினார். சரி தாதி அம்மா.

பால்மரத்து மகள் (புதன், காலை 6.15)

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். ஒரு இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். அம்மாவுக்கு நோயே தெரியாது, எழுதிவைத்த விருப்பத்துக்கு எங்கே போவேன்? சொன்னால் அன்றைக்கே உடைந்துவிடுவார் என்று சித்தி சொல்கிறார்.

மருந்து ரூம் நண்பன் (புதன், காலை 10.02)

எனக்கு நான்காம் கட்டம், இப்போது இரண்டாவது மருந்து. ஒன்று மட்டும் எழுதுகிறேன். என் பிள்ளைகளும் எனக்குத் தெரியாது என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று நான் நடித்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வுபெற்ற தாதி (புதன், பிற்பகல் 2.30)

மகளே, "உங்களுக்குப் புற்றுநோய்" என்று போய்ச் சொல்லாதீர்கள். கேட்டுத் தொடங்குங்கள். அம்மா தெளிவாக இருக்கும் நேரம், வலி மருந்து வேலை செய்யும் நேரம், அண்டை வீட்டார் யாரும் இல்லாத நேரம் பார்த்து உட்காருங்கள். "அம்மா, உங்க உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். பத்து விநாடி மௌனம் பத்து நிமிடம் போலத் தெரியும், அதை நிரப்பாதீர்கள். அவர் பேச்சை மாற்றினால் அன்றைக்கு அவ்வளவுதான், தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது. "டாக்டர் எல்லாத்தையும் சொல்லணுமா, இல்ல எங்ககிட்ட சொன்னா போதுமா?" என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

அவர் உள்ளே வந்தால் அடுத்த கேள்விகள் தானாக வரும். எதை நினைத்தால் பயமாக இருக்கிறது? எது முடியாமல் போனால் தாங்க மாட்டீர்கள்? இன்னும் கொஞ்ச நாளுக்காக எவ்வளவு கஷ்டப்படத் தயார்? கடைசிக் கேள்விதான் மாத்திரைக்கான பதில். "மருந்தை நிறுத்தலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் அதற்கு "கைவிரித்துவிட்டார்கள்" என்றுதான் அர்த்தம். எந்தத் தாயும் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்று சொல்ல மாட்டார்.

பால்மரத்து மகள் (வெள்ளி, இரவு 11.50)

இன்று பேசினேன். தங்கச்சியும் கூட இருந்தாள்.

நான் அந்த முதல் கேள்வியைக் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "நான் என்ன சின்னப் புள்ளையா? மருந்து ஏத்துற ரூம்ல என்னைச் சுத்தி உட்கார்ந்திருந்தவங்க எல்லாம் புண்ணுக்கா வந்தாங்க?" என்றார். தங்கச்சி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இன்னொரு மருந்தால் வயிற்றுப்போக்கு வந்து பாத்ரூமிலேயே கிடக்க முடியாது. வயிற்று நீரை ஊசி போட்டு எடுத்தபோது மூச்சுவிட முடிந்தது, "அதை மட்டும் நிறுத்திடாதீங்க". அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் மூக்கிலும் வாயிலும் குழாயோடு கிடந்தது மாதிரி வேண்டாம். அடுத்த மாதம் பழைய தோட்டத்து மாரியம்மன் திருவிழா, சக்கர நாற்காலியில் என்றாலும் போக வேண்டும். அண்ணன் வரும் வரை காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயார், அதற்குப் பிறகு வீட்டிலேயே.

மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது, "நீங்க எல்லாம் சேர்ந்து என்ன சொல்றீங்களோ அதான்" என்று சொல்லிவிட்டார். இதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

ஓய்வுபெற்ற தாதி (சனி, காலை 8.10)

இத்தனை தெளிவாகச் சொல்லியிருக்கிறாரே! கவனித்தீர்களா, அவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லவில்லை. நீர் எடுப்பது வேண்டும், கிருமிக்கு மருந்து ஒரு தேதி வரைக்கும் வேண்டும், செயற்கைச் சுவாசம் வேண்டாம். ஒவ்வொன்றும் தனித்தனி முடிவு. இதையெல்லாம் அவர் சொன்ன வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதுங்கள். அவர் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் கொடுத்துக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு நகல் வீட்டில் மருந்துப் பெட்டியோடு இருக்கட்டும். இரவில் யார் ஓடி வந்தாலும் கையில் எடுக்கிற இடம் அதுதான்.

"நீங்க சொல்றதுதான்" என்பது நம் அம்மாக்கள் வழக்கமாகச் சொல்வது. முடிவை உங்களிடம் ஒப்படைப்பதாகவும் இருக்கலாம், சண்டை வேண்டாம் என்பதாகவும் இருக்கலாம். இன்னொரு கேள்வி கேளுங்கள்: "அண்ணன் ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னா, யார் சொல்றதைக் கேக்கணும்மா?" அவர் சொல்லும் பெயரையும் காகிதத்தில் எழுதுங்கள். சட்டப்படி அது கட்டுப்படுத்தாது, ஆனால் டாக்டர் யாரிடம் பேசுவது என்று தெரிந்துகொள்வார்.

உட்லண்ட்ஸ் மூத்தவன் (சனி, காலை 9.33)

மன்னிக்கவும், எனக்கு இன்னும் ஒரு கேள்வி. கொஞ்ச நாள் கொடுத்துப் பார்த்து, ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்தக்கூடாதா? முயற்சியே செய்யவில்லை என்ற உறுத்தல் இருக்காதே.

ஓய்வுபெற்ற தாதி (சனி, காலை 11.00)

நியாயமான கேள்வி. அப்படிச் செய்வதுண்டு. வழக்கமான அளவு 160 மில்லிகிராம், மூன்று வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் விடுவது. 80இல் ஆரம்பித்து வாரா வாரம் கூட்டும் முறையும் இருக்கிறது. அப்படி முயல்வதென்றால், எது நடந்தால் நிறுத்துவோம் என்பதை ஆரம்பிக்கும் முன்பே பேசி எழுத வேண்டும். நாற்காலியில் உட்கார முடியாமல் போனால், கை வெடித்தால், கண் மஞ்சளானால் என்று. அதை எழுதாமல் ஆரம்பிக்கும் குடும்பங்கள் "இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்" என்று கடைசி நாள் வரை கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்த அம்மாவுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அந்த நான்கு வாரத்துக்குள்தான் திருவிழா வருகிறது. இது என் எண்ணம், உறுத்தல் யாருடையது என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

கிள்ளான் கவி (சனி, பிற்பகல் 1.12)

அக்கா, சாப்பிடவில்லை என்றால் குளுக்கோஸாவது ஏற்றச் சொல்லுங்கள். பட்டினி போட்டுக் கொன்றோம் என்று நாளைக்குச் சொந்தக்காரர்கள் பேசுவார்கள்.

ஓய்வுபெற்ற தாதி (சனி, பிற்பகல் 2.05)

கவி, அன்போடுதான் சொல்கிறீர்கள். ஆனால் இந்தக் கட்டத்தில் சாப்பிடாததால் உடம்பு அடங்குவதில்லை, உடம்பு அடங்குவதால்தான் பசி போகிறது. ஏற்றும் தண்ணீர் ரத்தத்தில் தங்காமல் கால் வீக்கத்துக்கும் வயிற்றுக்கும் போகும், நெஞ்சில் சளி கரகரக்கும். வாய் காயாமல் பஞ்சில் நனைத்துத் துடையுங்கள். மைலோ கேட்டால் இரண்டு கரண்டி, ஐஸ்கிரீம் கேட்டால் ஐஸ்கிரீம். இனிப்புநீர் இருந்தாலும் இப்போது போய்ப் பத்தியம் பார்க்காதீர்கள்.

தைப்பிங் ராஜா (சனி, மாலை 5.50)

இதுவரை தப்பாகவே சொன்னேன், ஒன்றாவது சரியாகச் சொல்கிறேன், பட்ட அனுபவம். வீட்டில் உயிர் போனால் மலாய்க்கார இன்ஸ்பெக்டர் என்ன கேட்பாரோ என்று நாங்கள் நடுங்கினோம். பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் சொல்லி அடக்க அனுமதி வாங்க வேண்டும், ஏழு நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் மரணத்தைப் பதிய வேண்டும். அம்மாவின் மைகார்டோடு, நோய் என்ன என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த கடிதமும் கையில் இருக்கட்டும். எங்களிடம் கடிதம் இல்லை. அதனால் பாதி நாள் அலைந்தோம், அப்பா கூடத்தில் கிடந்தார்.

பால்மரத்து மகள் (வியாழன், இரவு 10.20)

செவ்வாய்க்கிழமை ஈப்போவில் நோய்த்தணிப்பு டாக்டரைப் பார்த்தோம். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார். பிலிருபின் ஏறியிருக்கிறது, இந்த நிலையில் மாத்திரையை நான் சொல்ல மாட்டேன் என்றார். காகிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்தார். யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்று அவர் முன்னாலேயே கேட்டேன். அம்மா என் பெயரைச் சொல்லவில்லை, அண்ணன் பெயரையும் சொல்லவில்லை. தம்பியைக் காட்டினார். இத்தனை நாள் வாய் திறக்காதவன், அங்கே எழுந்து வெளியே போய்விட்டான். திரும்பி வந்து சரி என்றான்.

வீடியோவை அண்ணனுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. பிறகு நாளை இரவு பஸ் ஏறுவதாக ஒரு வரி வந்தது. மாத்திரைக்கு முன்பணம் கட்டிய ரசீதையும் கொண்டுவருகிறாராம்.

ஓய்வுபெற்ற தாதி (வியாழன், இரவு 10.44)

ரசீதோடு வரட்டும். வந்தவுடன் வாதாடாதீர்கள். முதல் நாள் அம்மாவை அவர் குளிப்பாட்டட்டும்.

பால்மரத்து மகள் (வியாழன், இரவு 11.02)

சரி அக்கா. டாக்டர் ஆரம்பித்த மார்ஃபினை இரவு பத்து மணிக்கு இரட்டை அளவு கொடுத்தால் இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். கொடுத்துவிட்டேன். வலியில் முனகாமல் தூங்குகிறார்.